செவலைக்குப் போட்ட பத்தியம்

எனக்குக் கோபம் வந்தால் நிதானம் போய்விடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாய்க்காக மாமியாரை எதிர்த்துக் கத்தியவள் என்று லயம் முழுக்கப் பேர் வாங்கியவள் நான். அந்தப் பேர் இன்றைக்கும் போகவில்லை. போகவும் வேண்டாம்.

அப்போது ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம். மலாயாவில், புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். தோட்டம் என்றுதான் பேர். வெள்ளைக்காரத் துரை எப்போதோ ஓடிப்போயிருந்தான். பால் வெட்டு நின்று போய், மரங்கள் சும்மா நின்றன. லயத்து வரிசை வீடுகளில் இருந்த நாங்கள் அறுபது குடும்பமும் காட்டோரத்தில் லாலாங் புல்லை வெட்டித் தள்ளிவிட்டு மரவள்ளியும் சக்கரவள்ளியும் போட்டோம். மூன்று வேளையும் கிழங்கு. அவித்தால் கிழங்கு, அரைத்தால் கிழங்கு, காய வைத்து இடித்தாலும் கிழங்கு. அந்தக் கிழங்கையும் தின்ன இன்னொரு கூட்டம் காட்டிலிருந்து வந்தது. காட்டுப்பன்றி. ஒரே ராத்திரியில் ஐந்து மாத உழைப்பைக் கிண்டிப் போட்டுவிட்டுப் போய்விடும்.

பன்றிக்கும் எங்கள் வயிற்றுக்கும் நடுவில் நின்றது செவலைதான். செவலை என்பது பேர் கூட இல்லை, நிறம். தெருவில் திரிந்த பெட்டை நாய். ஒரு காது கிழிந்திருக்கும். குரல் மட்டும் அவ்வளவு கனம். அது நாலு குரைப்புக் குரைத்தால் பன்றிகள் அந்தப் பக்கமே தலைகாட்டாது. எங்கள் நிலத்தோடு பக்கத்து வீட்டு அக்காவின் நிலத்தையும் சேர்த்துத்தான் அது காவல் காத்தது.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் புருஷனை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கென்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அவள் ஒருத்தியாகத்தான் மண்வெட்டி பிடித்தாள். ஜப்பான் சண்டைக்கு முன்னால் பன்றி வளர்த்தவள், மிருகங்களின் சுபாவம் தெரிந்தவள். என்னைக் காட்டிலும் பத்து வயசு பெரியவள். ஆனாலும் என்னோடு சேர்ந்துகொண்டு சிறுபிள்ளை மாதிரிச் சிரிப்பாள்.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் செவலை ஒருமுறை குட்டி போட்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. லயத்துக்கு அடியில், கட்டைக்கால்களுக்கு நடுவே தானாகக் குழி தோண்டிப் போட்டது. அன்றைக்கே மழைத் தண்ணீர் குழிக்குள் இறங்கிவிட்டது. நாலு குட்டியும் விறைத்துப் போயின. அதில் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு நாள் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றது. என் வாசலிலும் நின்றது. நான் அதை விரட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அதனால்தான் இரண்டாம் முறை அதன் மடிக்காம்பு சிவந்து புடைப்பதைப் பார்த்ததும், “இந்தத் தடவை ஒண்ணு கூடச் சாகக் கூடாது” என்று சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். அக்கா பக்கத்தில்தான் இருந்தாள்.

“எனக்கு ஒண்ணு குடுத்துருவியா புள்ள?” என்று கேட்டாள். “செவல ஒண்ணு எத்தன பக்கந்தான் ஓடும்? அன்னிக்கு அது ஒங்க கோடியில நிக்கயில என் கோடியில பன்னி பூந்துருச்சு. எனக்குன்னு ஒரு நாய் இருந்தா, ராத்திரி நானும் புள்ளைங்களும் தூங்குவோம்லா.”

“மொதக் குட்டி ஒங்களுக்குத்தாங்க்கா” என்று வாக்குக் கொடுத்தேன்.

என் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. நாய் பிடிக்காது என்பதல்ல. அவர்தான் எங்கள் தோட்டத்துக்கு மருத்துவச்சி. லயத்தில் நடமாடிய பிள்ளைகளில் பாதி அவர் கையில் விழுந்ததுதான். இது வரைக்கும் ஒரு தாயையும் பறிகொடுத்ததில்லை என்ற பெருமை அவருக்கு உண்டு. அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் அவர் பத்தியம் இருக்கிறதே, அப்பப்பா! பிள்ளை பெற்றவள் பச்சை உடம்புக்காரி, காற்றுப் படக்கூடாது, மூன்று நாளைக்குத் தண்ணீர் வாயில் படக்கூடாது. சுட்ட கருவாடும் கெட்டிக் கஞ்சியுந்தான். வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளுமாம், பிள்ளைக்குச் சளி பிடிக்குமாம். அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்கு அவள் “ஒரு வாய் தண்ணி, ஒரு வாய் தண்ணி” என்று முனகியது மூன்று நாளும் கேட்டது. “நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சுடி” என்று பிறகு சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். எல்லாருக்கும் அப்படித்தானே என்று நினைத்தேன்.

“நாய்க்குப் புள்ளப்பேறு பாக்கப் போறாளாம். அதுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிருச்சு?” என்றார் மாமியார்.

“போன தடவ அதுக்குத் தெரிஞ்ச லச்சணத்தத்தான் பாத்தோமே அத்த” என்றேன். அவர் முறைத்துவிட்டு வெற்றிலையைத் தேடினார். அந்தக் காலத்தில் வெற்றிலைதான் தாராளமாகக் கிடைத்தது.

இடம் தேடினேன். லயத்துக்குள் ஆகாது, ஒரே கூச்சல். கிழங்குக் கொல்லைக் காவல் குடிசையில் வைத்தால் மழை. கடைசியில் ரப்பர் சீட்டுகளுக்குப் புகைபோடும் பழைய கொட்டகை ஞாபகத்துக்கு வந்தது. அடுப்பு மூட்டி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. செங்கல் சுவர், ஒழுகாத கூரை, இருட்டு. காற்று நேராக அடிக்காத ஒரு மூலையும் இருந்தது. சீட்டுகளைத் தொங்கவிடும் மரச்சட்டங்கள் சும்மா கிடந்தன. அங்கே செவலைக்கு ஒரு பேறுகாலப் பெட்டி செய்து தரும்படி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசாத மனிதர். பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார்.

“எவ்வளவு பெருசு வேணும்?” என்று மட்டும் கேட்டார்.

செவலையைப் பிடித்துப் படுக்க வைத்து அளந்தோம். கால்களை நீட்டிப் படுத்தாலும் மேலே முக்கால் முழம் மிச்சமிருக்க வேண்டும், உள்ளேயே சுற்றித் திரும்ப முடிய வேண்டும். தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் சட்டங்களை அடுக்கி, அதன் மேல் பலகை போட்டார், ஈரம் ஏறாமலிருக்க. மூன்று பக்கம் உயரம். முன்பக்கம் மட்டும் தாழ்வு: தாய் கால் தூக்கித் தாண்ட வேண்டும், குட்டி தாண்டக் கூடாது.

அக்கா வந்து பார்த்துவிட்டு, “உள்ளாற கழி வெக்கலியா?” என்று கேட்டாள்.

“என்ன கழி?”

“சுத்திலும் ஒரு மூங்கிக் கழி. சொவத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி, நாலு வெரல் ஒசரத்துல. தாய் சாஞ்சு படுக்கயில குட்டி முதுகுப் பக்கமா மாட்டிக்கிட்டா, கழிக்கு அடியில ஒதுங்கிக்கும். இல்லன்னா நசுங்கிரும். என் பன்னிப் பட்டியில இப்டித்தான் வெச்சிருந்தேன்.”

என் வீட்டுக்காரர் அவளை மரியாதையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு மூங்கில் வெட்டப் போனார்.

விரிப்புக்குத்தான் பெரும்பாடு. துணி ஏது? நாங்களே கோணிச்சாக்கைத் தைத்துக் கட்டிக்கொண்ட காலம். ஒரு சாக்கைப் போட்டுப் பார்த்தோம். அதன் பிரியில் குட்டியின் நகம் மாட்டிக்கொள்ளும், காலே முறுக்கிக்கொள்ளும் என்று அக்கா எடுத்துவிட்டாள். அப்போதுதான் பக்கத்துக் கிராமமான கம்போங்கிலிருந்து கிழங்குக்குக் கருவாடு மாற்ற வரும் மலாய்க்காரர் வந்து சேர்ந்தார். வயசான மனிதர், அறுவடை முடித்திருந்தார். நாயைத் தொடமாட்டார், பத்தடி தள்ளித்தான் நிற்பார். விஷயத்தைச் சொன்னதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மறுநாள் சைக்கிளின் பின்னால் இரண்டு கட்டு வைக்கோல், நன்றாகக் காய்ந்தது, கொண்டுவந்து இறக்கினார். “ஈரமானா ஒடனே மாத்து. என்கிட்ட நெறையா இருக்கு” என்று மலாயில் சொன்னார். அதிலிருந்து எப்போது வந்தாலும் முதல் கேள்வி, “சுடா பெரானா?” என்பதுதான். பெற்றாகிவிட்டதா என்று அர்த்தம்.

எல்லாம் அமர்க்களமாகத் தயார். மகாராணி வரவேண்டியதுதான் பாக்கி. மகாராணி வந்தாள், மோந்து பார்த்தாள், திரும்பி நேராக லயத்துக்கு அடியில் அந்தப் பழைய குழிக்கே போய் மண்ணைக் கிளற ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “ஒன் புள்ளைங்க செத்த எடம்டி அது, மூதேவி!” என்று கத்தினேன். கத்தி என்ன செய்ய? குழியைக் கல் போட்டு அடைத்தேன். பிறகு அதன் சாப்பாட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். கிழங்கோடு, கால்வாயில் பொறுக்கிய நத்தையை அவித்து நசுக்கிப் போடுவேன், மீன் தலை கிடைத்தால் அதுவும். யாராவது கண்ணியில் பன்றி பிடித்தால் நுரையீரலைக் கேட்டு வாங்கி வருவேன். வயிறு பெருத்த பிறகு ஒரே தடவையில் தின்ன முடியவில்லை. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை வைத்தேன். அப்படியும் தின்றுவிட்டு வெளியே ஓடியது. கடைசியில் ஒருநாள் நானே பெட்டிக்குள் ஏறி வைக்கோலில் உட்கார்ந்து என் கிழங்கைத் தின்றேன். செவலை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. பிறகு உள்ளே வந்து சுற்றிச் சுற்றி மிதித்து, என் தொடையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு படுத்தது. அன்றிலிருந்து அதன் வீடு அதுதான். அந்தச் சந்தோஷத்தில் நான் பெட்டிக்குள்ளேயே தூங்கிப்போனேன். என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “யாருக்குப் பிரசவம்?” என்று கேட்டார்.

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் எழுந்து சேலையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டேன். நானும் முழுகாமல் இருந்தேன். மூன்றாவது மாதம். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாமியார் என்னைக் கொட்டகைப் பக்கமே விடமாட்டார். வாயும் வயிறுமாக இருப்பவள் இன்னொரு பிரசவத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவர் சட்டம். செவலைக்குக் குட்டி பிறக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காலையில் வாழைமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்றும் நடக்காதவள் போல வந்து நிற்பேன்.

நாள் கணக்கு மாமியார்தான் வைத்திருந்தார். அவருக்கு வேண்டாத விஷயம், ஆனால் கணக்கு மட்டும் மனசில் ஓடிக்கொண்டேயிருந்தது. கடுவன் நாய் வந்து சேர்ந்த நாளிலிருந்து ரெண்டு மாசம் முடிஞ்சு இன்னிக்கு ரெண்டு நாள் என்று ஒரு காலையில் அவராகவே சொன்னார். அன்றைக்குச் செவலை வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை. வைக்கோலைப் பிறாண்டித் தள்ளியது, படுத்தது, எழுந்தது, விடாமல் மூச்சு வாங்கியது. பின்பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

நானும் அக்காவும் கொட்டகையில் ஒரு ஓரமாக உட்கார்ந்தோம். ஒரு சட்டியில் கொதிக்க வைத்த நூலும் கத்தரிக்கோலும். அக்கா கிழிந்த வேட்டித் துண்டொன்று கொண்டுவந்திருந்தாள். யாருடைய வேட்டி என்று நான் கேட்கவில்லை. வெயில் ஏறியபோது செவலை முக்கத் தொடங்கியது. சிறிது நேரத்தில் முதல் குட்டி, பளபளவென்று ஒரு பைக்குள் சுருண்டு, வைக்கோலில் விழுந்தது. செவலை பையைக் கடித்துக் கிழித்து, தொப்புள் கொடியைக் கடித்து, குட்டியை உருட்டி உருட்டி நக்கியது. அது “கீ” என்றது. அக்காவும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நஞ்சு விழுந்ததா என்று எண்ணினோம். செவலை அதையும் தின்றது. பச்சை நிறமாக நீர் வந்ததைப் பார்த்துப் பயந்தேன். ஒரு குட்டி விழுந்த பிறகு வந்தால் பயமில்லை, அதற்கு முன்னால் வந்தால்தான் ஆபத்து என்று வாசலிலிருந்து குரல் வந்தது. மாமியார்! எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

“மனுஷிக்கு வேற, நாய்க்கு வேறயா? பன்னி வளத்தவகிட்ட கேட்டுக்கிட்டேன்” என்றார், யாரும் கேட்காமலேயே. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நாலாவது பிறந்தே செத்திருந்தது. ஐந்தாவது விழுந்தபோது செவலை களைத்துப்போய்ப் பையைக் கிழிக்கவில்லை. நான் கை வைப்பதற்குள் மாமியார் பெட்டிக்குள் குனிந்துவிட்டார். நகத்தால் முகத்துப் பக்கம் பையைக் கீறினார், வாயை வழித்தார், வேட்டித் துண்டில் சுற்றித் தலையைத் தாழ்த்திப் பிடித்து முதுகைத் தேய்த்தார். வயிற்றிலிருந்து விரலளவு விட்டு நூல் கட்டிக் கொடியை அறுத்தார். தேய்த்துக்கொண்டே, “கத்துடா, கத்துடா என் ராசா” என்றார். ராசா கத்தினான். நாய்க்குப் பேறு பார்ப்பதைக் கேலி செய்த அதே வாய்தான்! ஆறாவது அதிகம் சிரமமில்லாமல் வந்தது.

அந்த நேரம் பார்த்தா எனக்குக் குமட்ட வேண்டும்? கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொட்டித் தீர்த்துவிட்டேன்.

மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மூணு மாசம். நீயா வாயத் தொறந்து சொல்றியான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். வாழ மரமெல்லாம் என்கிட்ட வந்து சொல்லிருச்சு. நடடி வெளியில!”

எனக்கு வெட்கம், அக்காவுக்கு ஆனந்தம், மாமியார் முகத்தில் கோபமும் சிரிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. அன்றைக்கு மாலை என் வீட்டுக்காரர் பேசினார், கணக்குப் பார்த்தால் ஒரு வருஷத்துப் பேச்சு.

மூன்று நாளைக்கு நான் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. தீட்டாம். செவலையின் பொறுப்பை மாமியாரே ஏற்றுக்கொண்டார். இனி என்ன கவலை என்று நானும் சும்மா இருந்தேன். தோட்டத்துக்கே பிள்ளைப்பேறு பார்த்த கை அல்லவா? தப்பு அங்கேதான் நடந்தது. அவர் அலட்சியமாக இருந்துவிடவில்லை. தனக்குத் தெரிந்த அத்தனையும் பிசகாமல் செய்தார்.

மூன்றாம் நாள் காலையில் அக்கா ஓடி வந்தாள். “புள்ள, குட்டிங்க ஓயாமக் கத்துது. பால் குடிச்ச குட்டி தூங்கும், இப்டிக் கத்தாது. ஒங்க மாமியா என்னயும் உள்ள விடமாட்டேங்குறாங்க. வெறுஞ்சத்தமா இருக்கு, எனக்கு மனசு கேக்கல.”

உத்தரவாவது ஒன்றாவது. போய்க் கதவைத் தள்ளினேன். முகத்தில் அனல் அடித்தது. காற்றுப் படாமல் கதவுக்கு உள்ளே சாக்கு தொங்கியது. பெட்டிக்குப் பக்கத்தில் தணல் சட்டி. செவலையைக் கயிறு போட்டுக் கழியில் கட்டியிருந்தார், வெளியே போய்ப் பனியில் நனையாமலிருக்க. அதன் முன்னால் சுட்ட கருவாடும் கெட்டிக் கிழங்குக் கஞ்சியும், தொடாமல் காய்ந்து கிடந்தன. நாக்கு வெளியே தொங்கியது. ஈறைத் தொட்டேன், ஒட்டியது. முதுகுத் தோலைப் பிடித்து விட்டேன், இழுத்த இடத்திலேயே மடிந்து நின்றது. மடியில் ஒன்றுமில்லை. நாலு குட்டிகள் காம்பை உறிஞ்சுவதும் விட்டுவிட்டுக் கத்துவதுமாக இருந்தன. ராசா மட்டும் கத்தவில்லை. கழிக்கு அடியில் தனியாகச் சில்லிட்டுக் கிடந்தான்.

தண்ணீர் வைத்த தடமே அங்கில்லை.

“இதுக்குத் தண்ணி குடுத்தீங்களா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

பின்னாலேயே வந்துவிட்ட மாமியார், “பச்ச ஒடம்புக்காரிக்கு யாராச்சும் தண்ணி குடுப்பாங்களா? இன்னிக்குச் சாயந்தரம் ஒரு மடக்கு குடுக்கலாம்னு இருந்தேன்” என்றார்.

அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். “பொம்பளைங்கள வாட்டுனது பத்தாதுன்னு இப்ப நாயயும் கொல்லப் பாக்குறீங்களா?”

கொட்டகைக்கு வெளியே கூடியிருந்தவர்கள் காதில் அது விழுந்தது. மாமியார் கன்னத்தில் அறைந்தாற்போல நின்றார். எனக்கு நிற்க நேரமில்லை. கயிற்றை அவிழ்த்தேன், சாக்கைப் பிய்த்து எறிந்தேன், தணல் சட்டியை உதைக்காத குறையாக வெளியே தள்ளினேன். அக்கா பால் வாளியில் தண்ணீர் கொண்டு ஓடிவந்தாள்.

“மொத்தமா வெக்காத, கக்கிரும். மங்கு மங்கா குடு” என்றாள்.

ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கில் ஊற்றி வைத்தேன். செவலை குடித்தது, குடித்தது, மங்கை நக்கிக் கவிழ்த்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு மங்கு. மதியத்துக்குள் வாளி காலி. இடையில் மீன் வேகவைத்த நீரைக் கிழங்கில் கரைத்துக் கொடுத்தேன், அதையும் வழித்துத் தின்றது.

ராசாவை எடுத்துக் காம்பில் வைக்கப் போனேன். அக்கா தடுத்தாள். சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது, முதலில் சூடேற்ற வேண்டும் என்றாள். எதில் சூடேற்றுவது? நான் சுற்றிலும் பார்ப்பதற்குள் மாமியார் கையை நீட்டினார். குட்டியை வாங்கித் தன் ரவிக்கைக்குள், வயிற்றோடு சேர்த்து வைத்துச் சேலையைச் சுற்றிக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அப்படியே எவ்வளவு நேரம் இருந்தார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. வெயில் சாய்ந்தபோது சேலைக்குள்ளிருந்து “கீ” என்று ஒரு சத்தம்.

அதற்குள் செவலையின் மடி கனத்திருந்தது. மாமியாரே ராசாவைக் காம்பில் வைத்துப் பிடித்துக்கொண்டார். முன்னங்காலால் மடியைப் பிசைந்து பிசைந்து அவன் குடித்தான். மற்ற நாலும் வயிறு முட்டி, ஒன்றின் மேல் ஒன்றாகத் தூங்கின. கத்தல் நின்ற பிறகுதான் இத்தனை நாளும் எவ்வளவு கத்தியிருக்கின்றன என்று தெரிந்தது. எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. மாமியார் காலில் விழுவதா, கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல், “அத்த, நான் பேசுனது…” என்று ஆரம்பித்தேன்.

“வைக்கோல மாத்து. ஈரமா இருக்கு” என்றார் அவர்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கொண்டாட்டந்தான். காலையும் மாலையும் வாளியில் தண்ணீர் சுமந்துகொண்டு போனவர் மாமியார்தான், வேறு யாரையும் விடவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறந்தன. கண் திறந்த செய்தி லயத்தில் பரவியதும் பிள்ளைகள் வரிசை கட்டி வந்தார்கள். மூன்றாவது வாரம் ஒன்று முன்பலகையைத் தாண்டித் தலைகுப்புற விழுந்தது. அதைப் பார்த்து மலாய்க்காரர் பத்தடி தள்ளி நின்றபடியே கண்ணில் நீர் வரச் சிரித்தார். வைக்கோல் கேட்காமலேயே வந்துகொண்டிருந்தது. செவலை தேறி எழுந்து மறுபடியும் காவலுக்குப் போகும்வரை, ஆண்பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு தகரம் தட்டிப் பன்றியை விரட்டினார்கள். இரண்டு மாதம் ஆனதும் முதலில் பிறந்த பெட்டைக்குட்டியை அக்கா தூக்கிக்கொண்டு போனாள். மூன்றை மற்ற வீடுகள் வாங்கிக்கொண்டன. ராசாவை மாமியார் கொடுக்கவில்லை. யாருக்கும் அவரிடம் கேட்கத் துணிவும் இல்லை.

ஆனால் ஒன்று. அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. திட்டியிருந்தால் கூட நன்றாயிருந்திருக்கும். என் வயிறு பெருக்கப் பெருக்க எனக்குள் பயமும் பெருத்தது. என்னையும் அதே கைதானே பார்க்கப் போகிறது? பத்தியமும் அதேதானே?

எனக்கு வலி கண்டது ஒரு விடிகாலை. வெயில் ஏறுமுன்னே பெண்பிள்ளை பிறந்துவிட்டாள். மாமியார் என்னைத் துடைத்து, பிள்ளையைத் துடைத்து என் பக்கத்தில் கிடத்தினார். ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு அறையை விட்டு வெளியே போனார். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்கலாமா என்று நினைத்தேன். நாய்க்காக அப்படிக் கத்தியவளுக்குத் தனக்கென்று கேட்க வாய் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருப்பது தெரியும். அவளும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

மாமியார் திரும்பி வந்தார். கையில் பித்தளைச் செம்பு. காய்ச்சி ஆற வைத்த தண்ணீர். என் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“குடி” என்றார்.

நான் அவரையே பார்த்தேன்.

“அந்த வாயில்லாத ஜீவன் கேக்கல. நீதான் கேட்ட. ஆனா நான் பேறு பாத்த இவளுங்க எல்லாரும் வாயத் தொறந்து கேட்டாளுங்கடி. எத்தன வருஷமா, எத்தன பேரு… ஒருத்திக்கும் நான் குடுக்கல.” செம்பை என் உதட்டோடு சேர்த்துப் பிடித்தார். “கொஞ்சம் கொஞ்சமாக் குடி. மங்கு மங்கா.”

நான் குடித்தேன். முழுச் செம்பையும் குடித்தேன். காலியான செம்பை வாங்கிக்கொண்டவர், பலகைச் சுவரை இரண்டு தட்டுத் தட்டி, “தண்ணி குடுத்துட்டேன், நீ போயி வேலயப் பாரு” என்று உரக்கச் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா ஓவென்று அழத் தொடங்கினாள்.